குடித்த மறுநாள் தலையிடி: எது அதற்கு மருந்து, எது இல்லை

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் கமிட்டித் தலைவிகள் கலந்துகொண்ட தொழிலாளர் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிக்க வேண்டாம் என்று நீங்கள் ஆயிரம் கூட்டங்களில் கேட்டிருக்கிறீர்கள். நான் இன்று அதைப் பேச வரவில்லை. சம்பள நாளுக்கு மறுநாள் காலையில் லயத்துக்கு லயம் ஒரு தலையிடி வருகிறதே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது ஏன் வருகிறது, எதைச் செய்தால் குறையும், எதைச் செய்தால் கூடும் என்பதை முதலில் பார்ப்போம். முக்கியமான விஷயம் ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். குடித்த மறுநாள் வருகிற எல்லாத் தலையிடியும் குடித்த தலையிடி அல்ல. சில தலையிடிகளில் தூங்கவிட்டால் ஆள் எழும்ப மாட்டார். அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கோடு தொடங்குவோம். சம்பள நாள் மாலை 7 மணிக்கு ஓர் அண்ணன் சாராயம் குடிக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மணிக்குள் ஓர் அரைப் போத்தல் முடிந்துவிடுகிறது. அரைப் போத்தல் என்பது 375 மில்லிலீற்றர். தவறணையில் விற்கும் சாராயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுத்த மதுசாரம். நிறை போட்டுப் பார்த்தால் சுமார் 100 கிராம் மதுசாரம் அவருடைய உடம்புக்குள் போயிருக்கிறது.

இந்த 100 கிராமையும் வெளியேற்றும் வேலை முக்கால்வாசிக்கு மேல் ஈரலுடையது. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்பதை நமக்கு விளக்கத் தேவையில்லை, நம்முடைய ஸ்டோரையே பாருங்கள். ஐந்து லொறி கொழுந்து வந்து நின்றாலும் ரோலர் தன்னுடைய அளவைத்தான் அரைக்கும். மிச்சக் கொழுந்து காத்திருக்க வேண்டும். ஈரலும் அப்படித்தான். சாதாரண உடம்புள்ள ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 7 அல்லது 8 கிராம் மதுசாரத்தைத்தான் அது உடைக்கும். அப்படியானால் 100 கிராமை உடைக்க 12 முதல் 14 மணித்தியாலம் வேண்டும். மாலை 7 மணியிலிருந்து எண்ணுங்கள். மறுநாள் காலை 7 மணி, 9 மணி ஆகிவிடும்.

அதாவது அந்த அண்ணன் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது அவருடைய இரத்தத்தில் இன்னும் மதுசாரம் இருக்கலாம். "நேற்றுக் குடித்தது, இன்றைக்குத் தெளிஞ்சிட்டேன்" என்று அவர் நம்பிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கும் கை இன்னும் தெளியவில்லை. மெலிந்த உடம்புக்காரருக்கும் சாப்பிடாமல் குடித்தவருக்கும் நிலைமை இன்னும் மோசம். கசிப்பு என்றால் இந்தக் கணக்கே போட முடியாது. அதில் எவ்வளவு மதுசாரம் இருக்கிறது என்பது காய்ச்சியவருக்கே தெரியாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. தலையிடி குடிக்கும்போது வருவதில்லை. இரத்தத்தில் மதுசாரம் குறைந்து குறைந்து முடியப் போகும் நேரத்தில்தான் அது உச்சத்துக்கு வரும். அதனால்தான் இரவு பாடிக்கொண்டு வந்தவர் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் உடம்புக்குள் நான்கு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன.

முதலாவது, ஈரல் மதுசாரத்தை உடைக்கும்போது நடுவில் அசிற்றல்டிஹைட் என்ற ஒரு நச்சுப்பொருள் உண்டாகிறது. ஈரல் அதையும் உடைத்துவிடும். ஆனால் அதற்கிடையில் அது குமட்டலையும் படபடப்பையும் வியர்வையையும் தந்துவிடும். மதுசாரமும் இந்த நஞ்சும் சேர்ந்து உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடுகின்றன. காய்ச்சல் வரும்போது தலையும் கைகாலும் உளைகிறதல்லவா, ஏறக்குறைய அதே உளைச்சல்தான் இது.

இரண்டாவது, தண்ணீர். நம் மூளை ஒரு ஹோர்மோனைச் சுரந்து, "தண்ணீரை வீணாக வெளியே விடாதே" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மதுசாரம் அந்தச் சொல்லை நிறுத்திவிடும். அதனால்தான் குடித்தவர் அடிக்கடி வெளியே போகிறார். குடித்ததைவிடக் கூடுதலான தண்ணீர் வெளியே போய்விடும். காலையில் நாக்கு வறண்டு, எழும்பி நின்றால் தலை சுற்றுவது இதனால்தான்.

மூன்றாவது, சீனி. நாம் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் இரத்தத்துக்குச் சீனியைச் செய்து கொடுப்பதும் ஈரல்தான். அது மதுசாரத்தோடு மல்லுக்கட்டும்போது இந்த வேலையைச் சரியாகச் செய்யாது. பகல் முழுக்க மலையில் வேலை செய்துவிட்டு, இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுக் குடித்தவருக்குக் காலையில் கை நடுக்கமும் களைப்பும் தலையிடியும் வருவதில் இதற்கும் பங்குண்டு.

நான்காவது, தூக்கம். குடித்தவர் விழுந்த உடனே தூங்கிவிடுவார். ஆனால் நடுச்சாமத்துக்குப் பிறகு அந்தத் தூக்கம் உடைந்து உடைந்துதான் வரும். எட்டு மணித்தியாலம் படுத்திருந்தாலும் நல்ல தூக்கம் நான்குகூடக் கிடைத்திருக்காது.

இனி நம் லயங்களில் செய்யும் வைத்தியங்களைப் பார்ப்போம்.

முதல் வைத்தியம் காலையில் இன்னொரு சொட்டு. "முள்ளை முள்ளால் எடுக்கணும்" என்பார்கள். இது வேலை செய்வதுபோலத் தெரியும், அது பொய்யல்ல. ஏனென்றால் மதுசாரம் முடியப் போகும் நேரத்தில்தான் தலையிடி உச்சத்துக்கு வருகிறது என்று சொன்னேன். மறுபடி ஊற்றினால் அந்த நேரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். காலையில் தீர வேண்டிய கடன் வட்டியோடு மாலைக்கு வரும். ஒவ்வொரு நாளும் இப்படித் தள்ளிப் போடுகிறவர், கடைசியில் காலையில் குடிக்காமல் எழும்ப முடியாத ஆளாகிவிடுவார்.

இரண்டாவது, தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது. ஆள் கண்ணைத் திறப்பார். ஆனால் ஈரலின் வேகம் ஒரு கிராம்கூடக் கூடாது. குளிர்காலத்தில் மலைக்காற்றில் வெறியிலுள்ள ஆளை நனைத்தால் உடம்புச் சூடு ஆபத்தாகக் குறைந்துவிடும். மதுசாரம் தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவந்து சூட்டை ஏற்கெனவே வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது. காலையில் வயிற்றில் மதுசாரம் எதுவும் மிச்சமில்லை. எல்லாம் எப்போதோ இரத்தத்துக்குப் போய்விட்டது. வாந்தியால் மிச்சமிருக்கும் தண்ணீரும் உப்பும்தான் வெளியே போகும்.

தேசிக்காய்த் தண்ணி, சித்தாலேப தடவுவது, தலையில் துணி கட்டுவது, இவற்றால் கெடுதல் இல்லை. கொஞ்சம் சுகமாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சாயத் தேத்தண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் தொழிலே அதுதானே. தேத்தண்ணி வெறியைத் தெளிய வைக்காது. தூக்கக் கலக்கத்தைத்தான் போக்கும். ஆனால் தினமும் விடியற்காலையில் தேத்தண்ணி குடித்துப் பழகிய ஆள் ஒரு நாள் பத்து மணிவரை தூங்கிவிட்டால், தேத்தண்ணி குடிக்காததாலேயே தனியாக ஒரு தலையிடி வரும். தேயிலையிலுள்ள கஃபீன் செய்யும் வேலை அது. ஆகவே வழக்கமாகக் குடிக்கும் ஒரு கோப்பையைச் சீனி போட்டுக் குடிக்கலாம். அதையே நான்கு, ஐந்து கோப்பை கடுஞ்சாயமாகக் குடித்தால் வயிறு எரியும், படபடப்புக் கூடும்.

அப்படியானால் உண்மையில் எது உதவும்? தலையிடியை முழுதாகத் தீர்ப்பது நேரம் மட்டும்தான். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அது போய்விடும். அந்த ஒரு நாளைத் தாங்கிக்கொள்ள நான்கு உதவிகள் உண்டு.

தண்ணீரும் உப்பும் முதலாவது. கொதித்தாறிய தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரும்வரை குடிக்க வேண்டும். வாந்தி இருந்தால் வெறும் தண்ணீர் போதாது. ஜீவனிப் பக்கெட் ஒன்றை, பக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பக்கெட் இல்லையென்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரையுங்கள். உப்பு அளவு கூடக் கூடாது. இது தாகத்தையும் தலைச்சுற்றையும் நன்றாகக் குறைக்கும். தலையிடியில் ஒரு பங்குதான் குறையும், ஏனென்றால் தண்ணீர்க் குறைவு அதற்கு ஒரு காரணம் மட்டும்தான்.

இரண்டாவது சாப்பாடு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி இதற்கு மிக நல்லது. தண்ணீர், உப்பு, சீனியாக மாறும் மாப்பொருள் மூன்றும் அதில் இருக்கின்றன. வயிறு ஏற்றுக்கொண்டால் ரொட்டி, வாழைப்பழம் சாப்பிடலாம். கட்டச்சம்பலை மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சாராயம் ஏற்கெனவே குடலை எரித்து வைத்திருக்கிறது.

மூன்றாவது தூக்கம். இரவில் கிடைக்காத தூக்கத்தைப் பகலில் கொடுக்க வேண்டும். லயத்தில் அது இலேசில்லை என்று தெரியும், ஒரே காம்பராவில் பிள்ளைகளும் சமையலும் இருக்கிறது. என்றாலும் இரண்டு மணித்தியாலம் அமைதியாகப் படுத்தால் எந்த மாத்திரையையும்விட அது கூடுதலாக வேலை செய்யும்.

நான்காவது மாத்திரை. இங்கேதான் நம் ஆட்கள் பெரிய தவறு செய்கிறார்கள். இரவில் வெறியோடு இருக்கும்போதே, "காலையில் தலையிடிக்காம இருக்கட்டும்" என்று இரண்டு பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். பனடோலை உடைப்பதும் அதே ஈரல்தான். நிறையக் குடித்துப் பழகியவரின் ஈரலில், பனடோலிலிருந்து உண்டாகும் நஞ்சை அழிக்கும் சரக்குக் குறைந்திருக்கும். ஆகவே வெறியோடு போட வேண்டாம். காலையில், ஏதாவது சாப்பிட்ட பிறகு, 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, தேவையென்றால் இரண்டு போடலாம். மறுபடி போட ஆறு மணித்தியாலமாவது போகட்டும். தினமும் குடிப்பவரும் மெலிந்தவரும் ஒரு நாளில் நான்கு மாத்திரையைத் தாண்டக் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர், கண் மஞ்சளாக உள்ளவர், மருந்துக் காம்பராவில் கேட்காமல் ஒன்றுகூடப் போடக் கூடாது. அஸ்பிரின், டிஸ்பிரின், இபுபுரூபன் வகை மாத்திரைகள் எரிந்துபோன குடலை இன்னும் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அவை வேண்டவே வேண்டாம்.

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். "குடிச்சதால வந்த தலையிடிதான், தூங்கினா சரியாகும்" என்று விட்டுவிடக் கூடாத தலையிடிகள் இவை.

முதலாவது, கலப்படக் குடியால் வருவது. போயா நாளில் தவறணை பூட்டியிருக்கும், அன்றைக்குக் கசிப்புக்குத்தான் வியாபாரம். கூலி குறைந்த வீட்டில் மற்ற நாளிலும் அதுதான் மலிவு. அதில் மெதனோல் என்ற வேறொரு மதுசாரம் கலந்திருந்தால், குடித்த நேரத்தில் வித்தியாசமே தெரியாது. ஈரல் முதலில் வழக்கமான மதுசாரத்தைத்தான் உடைக்கும். அது முடிந்த பிறகுதான் மெதனோலைப் பெருமளவில் உடைக்கத் தொடங்கும். அப்போது உண்டாகும் அமிலம் கண் நரம்பைத் தாக்கும். ஆகவே இதன் குணம் குடித்து 12 மணித்தியாலம், 24 மணித்தியாலம் கழித்துத்தான் தெரியும். சரியாக நம்முடைய மறுநாள் தலையிடி வரும் அதே நேரம்.

எப்படிப் பிரித்தறிவது? சாதாரணத் தலையிடி நேரம் போகப் போகக் குறையும். இது நேரம் போகப் போகக் கூடும். கண் மங்கும். பகலிலேயே மலையில் மூட்டம் இறங்கியதுபோல எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்பார். வயிறு கடுமையாக வலிக்கும், மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கும், ஆள் மயங்கிப் போவார். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், குறிப்பாகப் பார்வை மங்கினால், ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வழி உண்டு. தாமதித்தால் கண் போகும், உயிரும் போகும். மிச்சக் குடி இருந்தால் போத்தலோடு எடுத்துச் செல்லுங்கள். அதே கேனில் குடித்த மற்றவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களும் போக வேண்டும்.

அக்காமாரே, இங்கே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பொலிசுக்குப் பயந்து "கசிப்பு" என்ற சொல்லை வைத்தியரிடம் மறைக்கிறோம். "வயித்துவலி ஐயா" என்று மட்டும் சொல்கிறோம். வைத்தியருக்குத் தெரியாவிட்டால் அவர் வயிற்றுவலிக்குத்தான் மருந்து கொடுப்பார். எதைக் குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார் என்ற இரண்டையும் உள்ளபடி சொல்லுங்கள்.

இரண்டாவது, அடிபட்ட தலையிடி. இரவில் படிக்கட்டில் விழுந்திருப்பார், கானில் விழுந்திருப்பார், காலையில் அவருக்கே ஞாபகம் இருக்காது. மண்டைக்குள் இரத்தம் மெதுவாகக் கசிந்தால் தலையிடி மணிக்கு மணி கூடும். திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு பக்கக் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், எழுப்பினால் எழும்பாத தூக்கம், இவை அதன் அடையாளங்கள். இது அன்றைக்கே தெரியாமல் சில நாள், சில வாரம் கழித்துத் தெரிவதும் உண்டு. ஆகவே குடித்துவிட்டு வந்தவரின் தலையில் வீக்கம், காயம் இருக்கிறதா என்று காலையில் தடவிப் பாருங்கள். பழக்கமான குடிகாரர் என்பதற்காக அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, காய்ச்சலோடு வரும் தலையிடி. குடித்த மறுநாள் தலையிடியில் உண்மையான காய்ச்சல் வராது. உடம்பு கொதித்தால் அது டெங்குவாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு அஸ்பிரின், இபுபுரூபன் கொடுத்தால் இரத்தக் கசிவு ஏற்படும். வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

நான்காவது, தினமும் குடித்தவர் திடீரென்று விட்டதால் வருவது. இது நல்ல எண்ணத்தில் வரும் ஆபத்து. பல வருஷமாக ஒவ்வொரு நாளும் குடித்த ஒருவர், "இன்றோடு விட்டேன்" என்று சத்தியம் பண்ணுகிறார். அன்றைக்கே தலையிடி, கை நடுக்கம், வியர்வை தொடங்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாததைக் கண்டு பேசலாம். இவரைக் காம்பராவுக்குள் பூட்டி வைக்கக் கூடாது, மந்திரிக்கவும் கூட்டிப் போகக் கூடாது. விடுவதற்கு முன்பே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பாதுகாப்பாக விடுவதற்கு மருந்து இருக்கிறது, காசும் கேட்க மாட்டார்கள்.

மயங்கிக் கிடப்பவரைக் கண்டால் மல்லாக்கப் படுக்க விடாமல் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ தேத்தண்ணியோ ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை அது, காசில்லை.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலையிடியோடு வந்த ஆளை, அரைப்பேராவது கிடைக்கட்டும் என்று நாமே மலைக்கு அனுப்பிவிடுகிறோம். அந்தக் காலையில் அவருக்கு மருந்தடிக்கும் டாங்கியையும் கவ்வாத்துக் கத்தியையும் கொடுக்கக் கூடாது. மருந்தடித்த பிறகு வரும் தலையிடியும் குமட்டலும் குடித்த தலையிடி மாதிரியே இருக்கும். உண்மையில் மருந்து நஞ்சேறியிருந்தாலும், "நேற்றுக் குடிச்சான்" என்று சொல்லி எழுதிவிட்டால், வேலையால் வந்த வருத்தத்துக்குக் கேட்க வேண்டிய நியாயம் அத்தோடு போய்விடும். கமிட்டித் தலைவர்மார் கங்காணியிடம் பேசி அன்றைக்கு அவருக்கு வேறு வேலை கேளுங்கள்.

முடிவாக, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த சம்பள நாளுக்கு முன் மூன்று ஏற்பாடுகளைச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மருந்துக் காம்பரா பூட்டியிருக்கும் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எந்த வாகனம் வரும், சாரதியின் போன் இலக்கம் என்ன என்பதை எழுதி ஒவ்வொரு லயத்திலும் ஒட்டுங்கள். ஒவ்வொரு டிவிஷனிலும் மாதர் கமிட்டித் தலைவி வீட்டில் பத்து ஜீவனிப் பக்கெட் வாங்கி வையுங்கள். அந்தப் பேப்பரின் அடியில் ஒரே ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: குடித்த மறுநாள் கண் மங்கினால், தலையிடி கூடிக்கொண்டே போனால், தூங்க விடாதே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.